கேட்காதவளின் கடன்

சுனாமி வந்த காலையில் என் நகைகள் வீட்டில் இருக்கவில்லை. கல்முனையில் ஒரு வங்கியில் அடகில் இருந்தன. கூரை மாற்றுவதற்காக அப்போதுதான் கொண்டுபோய் வைத்திருந்தோம். கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டோடு அலுமாரி, பாத்திரம் பண்டம், என் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் போயின. அடகில் இருந்ததால் நகை மட்டும் மிஞ்சியது. நிவாரணக் காசையும் என் ஆசிரியச் சம்பளத்தையும் சேர்த்து அதை மீட்கப் போன அன்று ராத்தா என்னோடு வந்தார். வங்கி வாசலிலேயே வளையல்களை என் கையில் போட்டுவிட்டு அழுதார்.

ராத்தா என் உடன்பிறந்த அக்கா. வாப்பா முன்பே இறந்துவிட்டார். உம்மாவைக் கடல் கொண்டுபோனது. அதன்பிறகு உம்மாவிடம் சொல்லவேண்டியதையெல்லாம் நான் ராத்தாவிடம்தான் சொன்னேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பாடசாலையில் அதிபரோடு மனஸ்தாபம் என்றாலும், மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ராத்தாவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். சுனாமிக்கு முன்பு அவருக்குக் கல்முனையில் ஒரு சிறிய கடை இருந்தது. கடல் கடையை எடுத்தது, ஆனால் அவருக்கு இங்கிலீசும் வாகனம் ஓட்டவும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் எங்கள் கரையெங்கும் வெளிநாட்டு நிவாரண நிறுவனங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்றில் பொருட்களைப் பொறுப்பெடுத்து அனுப்பும் வேலை மச்சானுக்குக் கிடைத்தது. என் சம்பளத்தைப்போல் பல மடங்கு சம்பளம். ராத்தாவின் பெயரில் கடலைவிட்டுத் தள்ளி ஒரு வளவுக் காணி வாங்கி, அதன் உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்து, வீட்டுக் கடன் எடுத்துக் கல்வீடு கட்டினார்கள். எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். ஆகவே கடனும் ராத்தாவின் கையெழுத்தில்தான் இருந்தது.

வீட்டுக்குப் பிறகு ஒரு வான் வண்டி வந்தது. லீசிங் கம்பனியில் தவணைக்கு எடுத்து, மச்சான் வேலை பார்த்த நிறுவனத்துக்கே வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் வானின் தவணை போய் மிச்சமும் நின்றது. வானுக்குப் பிறகு கிரெடிட் காட். கொழும்பிலிருந்து டை கட்டிய ஒரு பொடியன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கே வந்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனானாம். மச்சான் அந்தக் காட்டை எங்களுக்கு எடுத்துக் காட்டியபோது ராத்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா காசு இரிக்கி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மகளுக்குக் கணினி, எல்லாம் அந்தக் காட்டில் வந்தன.

யுத்தம் முடிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வடக்குப் பக்கம் போனார்கள், அல்லது நாட்டைவிட்டே போனார்கள். மச்சானின் நிறுவனம் ஒரு சிறிய பிரிவுபசாரம் வைத்து, எல்லோருக்கும் கேக் கொடுத்து, கணக்கு முடித்து அலுவலகத்தைப் பூட்டியது. வானுக்கு வாடகை நின்றது. கடைசியாகக் கையில் வந்த காசை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ராத்தாதான் தொடங்கினார்.

"வீட்டுக் கடன் ரெண்டு தவணை பிந்திட்டுது கா. பேங்கில இருந்து ஆள் வந்துட்டுப் போறான். உன்ட நகையத் தந்தியெண்டா வெச்சுக் கட்டிருவம். மூணு மாசத்தில திருப்பித் தந்திருவம்."

"வேற வழியிருந்தா உங்கிட்ட வந்திருக்கமாட்டம்," என்றார் மச்சான்.

என் கணவர் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "உன்ட நகை, உன்ட ராத்தா. நான் என்ன சொல்லுற?" என்றார். மாலையையும் வளையல்களையும் ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்து ராத்தாவின் கையில் கொடுத்தேன். அடகுச் சீட்டு மச்சானின் பெயரில் எழுதப்பட்டது. அதைப்பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மூன்று மாதம் போனது. நான் கேட்கவில்லை. மச்சான் கல்முனையில் ஒரு கட்டடப் பொருள் கடையில் களஞ்சியம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பழைய சம்பளத்தில் கால்வாசியும் வராது. ஆனால் கடன்கள் பழைய சம்பளத்துக்கு அளவெடுத்தவை. அதோடு, வேலை போன காலத்தில் ஒரு புடவைக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். வட்டி இல்லை. ஆனால் பிந்திய திகதி போட்டு ஒரு செக் எழுதிக் கொடுத்திருந்தார்.

எதற்கு முதலில் கொடுப்பது, எதை நிறுத்தி வைப்பது என்று தெரியாமல், சம்பளம் வந்த நாளில் யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா, அதாவது சாச்சாவின் மகன் ஒருவர் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தார். நானும் ராத்தாவும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ராத்தாவையும் மச்சானையும் வரச் சொன்னேன். சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பாயிலேயே இருந்து பேசினோம்.

காக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சானைப் பார்த்து, "இப்ப நீங்க எதுக்கு முதல்ல கட்டுறீங்க?" என்று கேட்டார்.

"கிரெடிட் காட்டுக்குத்தான். அதுலதான் வட்டி கூட. அவனுகள்ற கதையும் பொறுக்க ஏலா. கடைக்கே ஃபோன் எடுக்கானுகள்."

"வட்டி கூடினதுக்கு முதல்ல கட்டோணும் எண்டுறது, செலவு போகக் கையில மிச்சம் நிக்கிற காலத்துக்குச் சரி. மிச்சமில்லாத காலத்தில, கட்டாட்டி எது கையவிட்டுப் போகும் எண்டுதான் பாக்கோணும். காட்டுக்குக் கட்டாட்டி என்ன போகும்? சொல்லுங்க."

மச்சான் ராத்தாவைப் பார்த்தார்.

"மானம் போகும்," என்றார் ராத்தா.

"கொஞ்சம் போகும்தான். கத்துவானுகள், லோயர்ர கடிதம் அனுப்புவானுகள், கடன் கட்டாதவர் எண்டு பதிவில பேர் விழும், பிறகு ஒரு இடத்திலயும் லோன் எடுக்க ஏலா. கோட்டுக்கும் போகலாம். ஆனா அதுக்கெல்லாம் காலம் எடுக்கும். அவன்ட கையில உங்கட சாமான் ஒண்டும் இல்ல. வீட்டுக்குக் கட்டாட்டி வீடு போகும், உறுதி அவங்ககிட்ட இரிக்கி. முதல்ல சாப்பாடு, புள்ளையள்ற படிப்பு, லைட் பில். அதுக்குப் பிறகு வீடு. பேங்குக்கு நீங்களே போய், சம்பளம் குறைஞ்சிட்டுது, தவணையக் குறைச்சுக் காலத்தக் கூட்டித் தாங்க எண்டு கேளுங்க. பிந்தினாப் பிறகு கேக்கிறதவிட பிந்த முந்திக் கேக்கிறது நல்லம். ரெண்டு தவணை ஏற்கெனவே பிந்தினதாலதான் அவங்க வாசலுக்கு வந்தவங்க."

வானைப்பற்றிக் கேட்டபோது மச்சான் வேகமாகச் சொன்னார். "வான் இருந்தாத்தான் ஹயர் கிடைக்கும்."

"இப்ப கிடைக்கிதா?"

"கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு எண்டு இடைக்கிடை."

"அது தன்ர தவணையத் தானே உழைச்சா வெச்சிருங்க. உழைக்காட்டி, லீசிங்காரன்ட அனுமதியோட இப்பவே வித்துக் கணக்க முடிங்க. அவன் றோட்டில மறிச்சு எடுத்தா ஏலத்தில அரைவிலைக்குப் போகும். குறையிற காசுக்கு அதுக்குப் பிறகும் உங்களத்தான் துரத்துவான். வானும் இல்ல, கடனும் இரிக்கும்."

அடுத்தது புடவைக் கடைக்காரர். வட்டி இல்லாத கடன் என்பதால் அது பொறுக்கும் என்றார் மச்சான். காக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். "கைமாத்து எண்டா பொறுக்கும். ஆனா நீங்க செக் குடுத்திருக்கீங்க. காசில்லாம செக் திரும்பிச்செண்டா அது வெறும் கடன் இல்ல, வழக்கு வரும். திகதி வாறதுக்கு முதல்ல அந்த மனுசன்ட்டப் போங்க. கொஞ்சக் காச வெச்சு, பழைய செக்க வாங்கிட்டு மாதாமாதம் தாறன் எண்டு கதைங்க. காட்டுக்காரனுக்கும் நீங்களே ஃபோன் எடுங்க. காட்ட நிப்பாட்டி நிலுவையத் தவணையாப் பிரிச்சுக் கேளுங்க. அவன் கேக்கிற ஆகக் குறைஞ்ச தொகைய மட்டும் கட்டிக்கொண்டு போனா முக்கால்வாசி வட்டிக்குத்தான் போகும். முதல் அப்பிடியே இரிக்கும்."

கடைசியாக அவர் என் பக்கம் திரும்பினார். "இவட நகை?"

அவரே தொடர்ந்தார்.

"அடகு ஒரு வருசத்துக்கு. வருசம் முடிய வட்டியக் கட்டினாத் திருப்பிப் புதுப்பிக்கலாம். வட்டியும் கட்டாட்டி ஏலம்தான். மச்சான், இது உங்கட கடனுக்குள்ள ஒண்டு இல்ல. அடுத்தவட பொருள். நம்பித் தந்த அமானிதம். வீட்டுக்கு அடுத்தது இதுதான் நிக்கோணும்."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் மச்சான். "அதத்தான் நானும் நினைச்சன்."

ராத்தா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். எனக்கு அன்று நகையைப்பற்றிய கவலையே இருக்கவில்லை. குடும்பமாக இருந்து ஒரு கஷ்டத்தைப் பேசித் தீர்த்தோம் என்ற ஆறுதல்தான். எஞ்சிய வட்டிலப்ப இனிப்பை ராத்தாவின் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

அடகு வைத்து ஒரு வருடம் ஆனபோது ராத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "எல்லாம் புதுப்பிச்சிட்டாரு" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பெரிய வெள்ளம் வந்தது. கதிர் விட்ட வயல்கள் அழுகின. ஆலைக்கு நெல் வரவில்லை. என் கணவரை முதலாளி வீட்டில் நிற்கச் சொன்னார். நெல் வந்தால் கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை. என் சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு கடன் இருந்தது. அது சம்பளம் கைக்கு வரும் முன்பே வெட்டப்பட்டுவிடும். அதை எந்த வரிசையில் வைப்பது என்று யோசிக்கவே இடமில்லை, அது தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. மிஞ்சிய காசில் கடைக் கடன் கொப்பி, மகனின் பிரத்தியேக வகுப்பு, கணவரின் பிரஷர் மருந்து. அப்போதுதான் எனக்கு நகையின் ஞாபகம் வந்தது. தங்கத்தின் விலை அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. வளையல்களை விற்றால் மச்சான் வாங்கிய அடகுக் காசைக் கட்டி மாலையை மீட்டுவிடலாம், மிச்சத்தில் நெல் வரும்வரை வீட்டையும் ஓட்டலாம் என்று கணவரோடு கணக்குப் பார்த்தேன்.

மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். "சீட்டு எங்கயோ வெச்சிட்டன், தேடிப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். இரண்டாம் தரம் எடுத்தபோது கடையில் வேலை கூட என்றார். மூன்றாம் தரம் எடுக்கவில்லை. பாடசாலை விட்டதும் நேரே அடகு வைத்த வங்கிக்குப் போனேன். அடகுப் பகுதியில் இருந்த பெண் என்னிடம் படித்த பிள்ளை. மச்சானின் பெயரைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், அவர்ட பேரில உள்ளத உங்களுக்குச் சொல்ல ஏலா. அவரக் கூட்டிட்டு வாங்க," என்றாள். அவள் கடமை அது, சரிதான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சைக்கிளை நேரே ராத்தாவின் வீட்டுக்கு விட்டேன். ராத்தா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் கடையில் இருந்தார்.

"ராத்தா, என்ட நகை எங்க?"

அவர் மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை. "அவரு சொல்லல்லையா?"

"நீங்க சொல்லுங்க."

அப்போது சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, அந்த வெள்ளிக்கிழமை பாயில் பேசிய ஒவ்வொன்றும் எப்படித் தலைகீழாகப் போனது என்று எனக்கு விளங்கியது. கிரெடிட் காட்டுக்காரர்கள் கடைக்கு ஃபோன் எடுத்தார்கள், பிறகு முதலாளிக்கு எடுத்தார்கள். மச்சான் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். அங்கேயும் எடுப்பார்கள் என்று பயந்து, மாதாமாதம் அவர்கள் கேட்ட குறைந்த தொகையைக் கட்டினார். வானை விற்கவில்லை. வான் போனால் ஊர் என்ன சொல்லும் என்று, அதன் தவணையையும் விட்டு விட்டுக் கட்டினார். வருடம் முடிந்து அடகைப் புதுப்பிக்கப் போனபோது தங்கத்தின் விலை ஏறியிருந்ததால், அதே நகைக்கு இப்போது கூடுதலாக எடுக்கலாம் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். பழைய அடகை முடித்து, புதிதாகக் கூடிய தொகைக்கு வைத்து, வட்டி போக வந்த காசைக் காட்டுக்கும் வானுக்கும் கொடுத்தார். ராத்தா "புதுப்பிச்சிட்டாரு" என்று என்னிடம் சொன்னது அதைத்தான். அடுத்த வருடம் அந்தப் பெரிய தொகைக்கு வட்டி கட்ட வழியில்லை. வங்கியிலிருந்து பதிவுத் தபாலில் அறிவித்தல் வந்தது. ஏலம் முடிந்தது. கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சிய கொஞ்சக் காசை மச்சான் போய் வாங்கி வந்தார்.

"அது எங்க?"

"வானுக்குக் கட்டினாரு."

"அறிவித்தல் வந்த நேரம் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, ராத்தா. நான் எங்கயாவது கடன்பட்டு மீட்டிருப்பன்."

"உன்னையும் என்னத்துக்குக் கஷ்டப்படுத்துவான் எண்டு பாத்தம்."

முற்றத்து வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ராத்தாவின் கைகளில் அவருடைய வளையல்கள் இருந்தன. எப்போதும் அவை அங்கேதான் இருந்தன. அவை என் கண்ணில் படாமல் இருந்ததில்லை. ஆனால் அதுவரை அவற்றை ஒரு பதிலாக நான் பார்த்ததில்லை.

"உங்கட நகைய ஏன் வெக்கல்ல?"

"இது மகளுக்கு, கா. அவட கல்யாணம் கிட்ட வருகுது தானே."

"அப்ப என்ட?"

ராத்தா நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு விஷயத்தை விளங்காத பிள்ளைக்கு விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னார். "நீ என்ட தங்கச்சி தானே. நீ கோட்டுக்குப் போவியா? ஃபோன் எடுத்துக் கத்துவியா? வட்டி கேப்பியா? மத்தவனுகளுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டு உனக்கு ஆறுதலாத் தரலாம் எண்டுதான் அவரு சொன்னாரு. நானும் ஓம் எண்டன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை வெட்டியது. கொடுக்க வேண்டியவர்களை அவர்களும் வரிசைப்படுத்தியிருந்தார்கள், காக்கா சொன்னபடி அல்ல. கத்துகிறவன் முதல், ஊர் பார்க்கிற வான் அடுத்தது, உறுதி வைத்திருக்கிற வங்கி அதற்கடுத்தது. கேட்காத நான் கடைசி. கடைசியில்கூட இல்லை, மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கான காசே நான்தான். மிளகாய் நெடி கண்ணில் ஏறியது என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மச்சான் இரண்டு நாள் கழித்து வந்தார். என் கணவர் வாசலில் கதிரை போட்டுக் கொடுத்தார். மச்சான் அதில் உட்காரவில்லை. "எனக்கு வேற வழி தெரியல்ல," என்றார். "தந்திருவன். அல்லாஹ் சாட்சி." என் கணவர், சாந்தமான மனுசன், "அந்த வெள்ளிக்கிழமை வழி சொன்னம் தானே, மச்சான்," என்றார். அவ்வளவுதான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவர் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வானை லீசிங்காரர்கள் காரைதீவுச் சந்தியில் மறித்து எடுத்தார்கள். உள்ளே ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் இருந்தார்களாம், அவர்களை இறக்கிவிட்டு எடுத்துப் போனார்கள். காக்கா சொன்னபடியே ஏலத்தில் குறைந்த விலைக்குப் போய், மீதிக் கடனுக்குக் கடிதம் வந்தது. புடவைக் கடைக்காரருக்குக் கொடுத்த செக் அதற்கு முன்பே திரும்பி, வழக்குப் போடப்போகும் நேரத்தில் காக்காவே இடையில் போய்த் தவணை பேசி வைத்தார். வீடு மட்டும் தப்பியது. அதுவும் ராத்தா தானாக வங்கி மேலாளரிடம் போய் நின்று தவணையைக் குறைத்துக்கொண்டதால். காட்டுக்கு மேலும் கட்ட முடியாமல் நிறுத்திப் பல மாதம் போன பிறகு, அந்த வங்கியே கூப்பிட்டு, வட்டியின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரே தடவையில் இவ்வளவு கட்டுங்கள் என்று கேட்டது. எல்லாருக்கும் அப்படிக் கேட்பார்கள் என்றில்லை, ஆனால் மச்சானுக்குக் கேட்டார்கள். இவர்கள் போட்ட சத்தத்துக்குப் பயந்துதானே என் மாலையையும் வளையலையும் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டை நான் எப்படி ஓட்டினேன் என்பது பெரிய கதை இல்லை. கடைக்காரரிடம் போய், "ஆலை திறக்கும்வரைக்கும் பழைய கணக்க முழுசாக் கட்ட ஏலா, ஆனா புதுசா வாங்கிறதக் கைக்காசுக்குத்தான் வாங்குவன், பழையதுக்கு மாதாமாதம் கொஞ்சம் தாறன்" என்று நேரே சொன்னேன். அவர் ஓம் என்றார். மாலையில் சில பிள்ளைகளுக்கு வீட்டில் வகுப்பு எடுத்தேன். அடுத்த சிறுபோக அறுவடையில் நெல் வந்து ஆலை ஓடியது.

மச்சான் வேலைக்காகக் கட்டாருக்குப் போனார். அங்கிருந்து ஒவ்வொரு கடனாக அடைத்தார். மற்றவர்களுடையதெல்லாம் முடிந்த பிறகு ஒரு நோன்புக் காலத்தில் ராத்தா என் வீட்டுக்கு வந்தார். கையில் கடித உறை.

"இந்தா கா. உன்ட நகைக் காசு."

பார்த்தேன். முதல்முறை அடகு வைத்தபோது வங்கி கொடுத்த தொகை. ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ராத்தா, நான் தந்தது காசில்ல. தங்கம்."

"அண்டைக்கு எங்களுக்குக் கையில வந்தது இவ்வளவுதானே."

"நான் உங்கட கையில வெச்சது பவுண். பவுணாத்தான் திருப்பித் தரோணும். தங்கமா வாங்கின கடன் தங்கமாத்தான் போகோணும், நிறைக்கு நிறை. மௌலவிக்கிட்டயும் கேட்டுப் பாருங்க."

"தங்கம் இப்ப என்ன விலையெண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும், ராத்தா. ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

அவருக்குத் தெரிந்த தங்கச்சி இப்படிக் கதைப்பவள் அல்ல. "நீ மாறிட்டாய்," என்றார். அவர் குரலில் தான் வஞ்சிக்கப்பட்டதுபோல ஒரு நோவு இருந்தது. அது நடிப்பில்லை. நான் எதையும் கேட்காமல் இருப்பேன் என்பதை அவர் தனக்குரிய சொத்தாக நம்பியிருந்தார், அதை நான் பறித்துக்கொண்டேன். அப்படித்தான் அவர் நினைத்தார்.

உறையை வாங்கினேன். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, விடுதிக் காசு கட்ட வேண்டியிருந்தது. வாங்கும்போது, "இது பாதி. மிச்சத்தையும் எதிர்பாத்துக்கொண்டிருப்பன்," என்று சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியும் நிற்காமல் ராத்தா போனார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கென்று ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தேன். அதையும் நாங்களே குடித்தோம்.

மிச்சத்தில் கொஞ்சம் வந்தது. எல்லாம் வரவில்லை. ராத்தாவின் மகளின் கல்யாணத்துக்குப் போனேன். மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லி, முன்வரிசையில் இருந்து புரியாணி சாப்பிட்டேன். ராத்தா வந்து என் பிடரியில் கை வைத்து, "நல்லாச் சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ஓம் ராத்தா" என்றேன். எங்களுக்குள் இன்றுவரை பேச்சு நின்றதில்லை. ஆனால் காய்ச்சல் என்றாலும் கவலை என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன்.